2^x = x²-க்கு எத்தனை தீர்வுகள்? வரைந்தும் மதிப்புகளைப் போட்டுப் பார்த்தும் எண்ணும் முறை

2^x = x² என்ற சமன்பாட்டுக்கு எத்தனை மெய்த் தீர்வுகள் உண்டு? பதினொன்றாம் வகுப்புக் கணக்கு படித்த யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஒன்று, x = 2" என்பதுதான். 2-ம் x-ம் இடம் மாறி நிற்பதால் அந்த விடை உடனே கண்ணில் பட்டுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் தேடுபவர்கள் x = 4-ஐயும் கண்டுபிடிப்பார்கள். 2-இன் நான்காம் அடுக்கும் 16, நான்கின் வர்க்கமும் 16. பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

சரியான விடை மூன்று. மூன்றாவது தீர்வு குறை எண்களின் பக்கத்தில், -1-க்கும் 0-வுக்கும் நடுவில் இருக்கிறது. அது முழு எண் அல்ல, பின்னமும் அல்ல. எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எத்தனை வருடம் ஆனாலும் அதன் மேல் சரியாகப் போய் விழ முடியாது. ஆனாலும் அது இருக்கிறது என்றும், ஒன்றே ஒன்றுதான் என்றும் ஐந்து நிமிடத்தில் நிறுவிவிடலாம்.

"எத்தனை" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குறைந்தது எத்தனை இருக்கின்றன என்பது ஒன்று. அதற்கு மேல் ஏன் இல்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மதிப்புகளைப் போட்டுப் பார்த்து விடை சொல்லலாம். இரண்டாவதற்கு வளைவுகளின் வடிவம்தான் விடை சொல்லும். எங்கே தேட வேண்டும் என்று வரைபடம் காட்டும், ஆனால் அது மட்டும் நிரூபணம் ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: சமன்பாட்டை இரண்டு வளைவுகளாகப் பிரித்தல்

இடப்பக்கத்தை y = 2^x என்றும் வலப்பக்கத்தை y = x² என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு x-க்கு இரண்டும் ஒரே y-யைக் கொடுத்தால் அந்த x ஒரு தீர்வு. படத்தில் அது இரண்டு வளைவுகளும் சந்திக்கும் இடம். ஆக, தீர்வுகளை எண்ணுவதும் சந்திக்கும் புள்ளிகளை எண்ணுவதும் ஒரே வேலைதான்.

வரையத் தொடங்குமுன் இரண்டு வளைவுகளின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். y = x² என்பது பரவளையம். அதன் முனை ஆதிப்புள்ளியில் இருக்கிறது, y அச்சின் இருபுறமும் அது ஒரே மாதிரி மேலே போகிறது. குறை எண்களின் பக்கத்தில் இடமிருந்து வலமாக நடந்தால் அது இறங்கிக்கொண்டே வரும், 0-வைத் தாண்டியபின் ஏறும். y = 2^x எப்போதும் ஏறும் வளைவு. அது எங்கேயும் 0 ஆகாது, குறை எண்ணாகவும் ஆகாது. இடப்பக்கம் போகப் போக x அச்சை நெருங்கும், தொடாது. y அச்சை (0, 1) என்ற புள்ளியில் வெட்டும்.

இந்த இரண்டு பத்தியிலேயே மூன்றாவது தீர்வு ஒளிந்திருக்கிறது. குறை எண்களின் பக்கத்தில் ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒரே பாதையில் ஒரு முறைதான் சந்திக்க முடியும்.

படி 2: அட்டவணை போட்டு, யார் மேலே என்று பார்த்தல்

முழு எண்களுக்கு மதிப்புகளைக் கணக்கிடுவோம். குறை எண்களை விட்டுவிடாதீர்கள். என்னிடம் கணக்குப் படிக்க வருபவர்கள் 0, 1, 2, 3, 4 என்று அட்டவணையைத் தொடங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூன்றாவது தீர்வு அங்கேயே கைவிட்டுப் போய்விடுகிறது.

| x | 2^x | x² | மேலே இருப்பது |
|---|---|---|---|
| -2 | 0.25 | 4 | x² |
| -1 | 0.5 | 1 | x² |
| 0 | 1 | 0 | 2^x |
| 1 | 2 | 1 | 2^x |
| 2 | 4 | 4 | சமம் |
| 3 | 8 | 9 | x² |
| 4 | 16 | 16 | சமம் |
| 5 | 32 | 25 | 2^x |
| 6 | 64 | 36 | 2^x |

அட்டவணையில் "சமம்" என்ற சொல்லை மட்டும் தேடினால் இரண்டு தீர்வுகள்தான் கிடைக்கும். பார்க்க வேண்டியது கடைசி நெடுவரிசை எங்கே மாறுகிறது என்பதை. -1-இல் x² மேலே இருக்கிறது, 0-வில் 2^x மேலே இருக்கிறது. இரண்டும் அறுபடாத, தொடர்ச்சியான வளைவுகள். கீழே இருந்தது மேலே வர வேண்டுமானால் நடுவில் எங்கோ மற்றதைக் கடந்துதான் ஆக வேண்டும். இதற்கு இடைநிலை மதிப்புத் தேற்றம் என்று பெயர். எந்த இடத்தில் கடந்தது என்று அது சொல்லாது, கடந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும். எண்ணுவதற்கு அது போதும்.

"சமம்" என்று வந்த இடங்களையும் சும்மா விடக்கூடாது. இரண்டு வளைவுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டும் போகலாம், தொட்டுவிட்டுத் திரும்பவும் செய்யலாம். 2-க்கு முன்னால் 1-இல் 2^x மேலே, 2-க்குப் பின்னால் 3-இல் x² மேலே. நிலை மாறிவிட்டது. 4-க்கு முன்னால் x² மேலே, 5-இல் 2^x மேலே. மறுபடியும் மாறிவிட்டது. இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 1-க்கும் 3-க்கும் நடுவில், 3-க்கும் 5-க்கும் நடுவில், ஒவ்வொரு இடைவெளியிலும் கடந்து போனது உறுதி. அந்தக் கடப்பு சரியாக 2-இலும் 4-இலும்தான் நடந்ததா என்பதற்கு நான்காம் படியில் விடை வரும்.

இந்த நிலையில் நாம் சொல்லக்கூடியது, குறைந்தது மூன்று தீர்வுகள் இருக்கின்றன என்பதுதான். அதற்கு மேல் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

படி 3: வரைபடத்தாளில் வரைதல், அளவுத்திட்டத்தில் வரும் சிக்கல்

x அச்சில் 2 செ.மீ.க்கு ஓர் அலகு, y அச்சில் 1 செ.மீ.க்கு இரண்டு அலகு என்று எடுத்துக்கொண்டால், x = -2 முதல் 5 வரை 14 செ.மீ. வரும், y = 32 வரை 16 செ.மீ. வரும். சாதாரண வரைபடத்தாளில் அடங்கிவிடும். அட்டவணையின் புள்ளிகளைக் குறித்து, முனை மழுங்காத பென்சிலால் இணைத்துப் பாருங்கள்.

2-க்கும் 4-க்கும் நடுவில் இரண்டு வளைவுகளும் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் போவதைக் காண்பீர்கள். x = 3-இல் இடைவெளி ஓர் அலகு, அதாவது தாளில் அரை செ.மீ. அந்தப் பகுதியில் இடைவெளி மிக அதிகமாக இருப்பது x = 3.21-ஐ ஒட்டி, அங்கேயும் 1.05 அலகுதான். பத்து அலகு உயரத்தில் ஓர் அலகு இடைவெளி. y அச்சை 100 வரை நீட்டி வரைந்தால் இந்த இடத்தில் ஒரே கோடு போலத் தெரியும். கணினியில் வரைந்தாலும் இதுதான் நடக்கும். திரையில் எவ்வளவு பரப்பைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வெட்டும் புள்ளிகள் தெரியும், மறையும். x-ஐ 3 வரை மட்டும் காட்டினால் 4 வெளியே போய்விடும்.

இடப்பக்கத்தில் சிக்கல் இன்னும் மோசம். -1-க்கும் 0-வுக்கும் நடுவில் நடப்பதெல்லாம் 0 முதல் 1 வரையுள்ள உயரத்தில் நடக்கிறது. நாம் எடுத்த அளவில் அது வெறும் அரை செ.மீ. அந்த அரை செ.மீ.க்குள் ஒரு வளைவு ஏறி, இன்னொன்று இறங்கி, குறுக்கே வெட்டிக்கொள்கிறது. பென்சில் கோட்டின் தடிமனே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழி, அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக இன்னொரு தாளில் வரைவது. இரண்டு அச்சிலும் 10 செ.மீ.க்கு ஓர் அலகு என்று வைத்து x = -1, -0.75, -0.5, -0.25, 0 ஆகியவற்றைக் குறித்தால் வெட்டும் இடம் தெளிவாகத் தெரியும். ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சமன்பாட்டையே கொஞ்சம் மாற்றி எழுதி, மூன்று சந்திப்புகளும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி செய்துவிடலாம்.

படி 4: வர்க்கமூலம் எடுத்து மறுபடி வரைதல்

2^x = x² என்பதன் இரண்டு பக்கமும் குறை எண்ணாக இருக்க முடியாது. எனவே வர்க்கமூலம் எடுத்தால் தீர்வு எதுவும் தொலையாது, புதிதாக எதுவும் சேராது. இடப்பக்கம் 2^(x/2) ஆகும். வலப்பக்கம் x அல்ல, |x|. இந்த இடத்தில்தான் பல பேர் வழுக்குகிறார்கள். x²-இன் வர்க்கமூலம் x என்று எழுதிவிட்டால் குறை எண்களின் பக்கம் முழுவதும் அழிந்துவிடும், மூன்றாவது தீர்வும் அதோடு போய்விடும்.

இதே தவறு மடக்கை எடுக்கும்போதும் வரும். இருபுறமும் மடக்கை எடுத்து x log 2 = 2 log x என்று எழுதும் நொடியிலேயே x மிகை எண் என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம். 2 log |x| என்று எழுதினால்தான் சரி. ஒரு விடைத்தாளில் இரண்டு தீர்வுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் காரணம் இந்த மடக்கை வரிதான்.

இப்போது வரைய வேண்டியவை y = |x|, y = 2^(x/2). முதலாவது ஆதிப்புள்ளியில் முனை வைத்த இரண்டு நேர்கோடுகள், அளவுகோல் வைத்தே போட்டுவிடலாம். இரண்டாவது √2-இன் அடுக்குகள். அதன் மதிப்புகள் இவை:

| x | 2^(x/2) | \|x\| |
|---|---|---|
| -2 | 0.5 | 2 |
| -1 | 0.71 | 1 |
| 0 | 1 | 0 |
| 1 | 1.41 | 1 |
| 2 | 2 | 2 |
| 3 | 2.83 | 3 |
| 4 | 4 | 4 |
| 5 | 5.66 | 5 |
| 6 | 8 | 6 |

இரண்டு அச்சிலும் 2 செ.மீ.க்கு ஓர் அலகு எடுங்கள். இப்போது உயரம் 32 வரை போகவில்லை, 8-இலேயே நின்றுவிடுகிறது. இடது கோட்டை வளைவு வெட்டும் இடம் y அச்சுக்கு ஒன்றரை செ.மீ. இடப்பக்கத்தில், குறுக்காகத் தெளிவாகத் தெரியும். வலது கோட்டை அது இரண்டு இடத்தில் வெட்டும். 3-இல் கோட்டுக்கும் வளைவுக்கும் உள்ள இடைவெளி 0.17 அலகுதான், தாளில் மூன்றரை மி.மீ. ஆனால் ஒரு பக்கம் அளவுகோல் வைத்துப் போட்ட நேர்கோடு என்பதால் வளைவு அதற்குக் கீழே தொய்ந்து போவது கண்ணுக்குப் புலப்படும்.

இந்தப் படத்தின் பெரிய பயன், "இதற்கு மேல் இல்லை" என்பதைச் சொல்வது எளிதாகிவிடுகிறது என்பதுதான்.

முதலில் இடப்பக்கம். x குறை எண்ணாக இருக்கும்போது கோடு இறங்குகிறது, வளைவு ஏறுகிறது. ஒரு முறை சந்தித்துவிட்டால் அதற்கு வலப்பக்கம் வளைவு எப்போதும் மேலே, இடப்பக்கம் எப்போதும் கீழே. இரண்டாவது சந்திப்புக்கு வழியே இல்லை. எனவே அங்கே ஒன்றே ஒன்று.

வலப்பக்கத்தில் கோடும் ஏறுகிறது, வளைவும் ஏறுகிறது. அதனால் அந்த வாதம் இங்கே செல்லாது. இங்கே வளைவு எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2^(x/2)-இன் மேல் ஏதாவது இரண்டு புள்ளிகளை எடுத்து நேர்கோட்டால் இணையுங்கள். நடுவில் வளைவு அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். ஏன் என்று பார்ப்போம். x = a-வில் உயரம் A, x = b-யில் உயரம் B என்றால், நடுப்புள்ளியில் வளைவின் உயரம் √(AB), அதாவது பெருக்குச் சராசரி. இணைத்த கோட்டின் உயரம் (A + B)/2, அதாவது கூட்டுச் சராசரி. A-யும் B-யும் வேறு வேறாக இருந்தால் பெருக்குச் சராசரி எப்போதும் கூட்டுச் சராசரியைவிடச் சிறியது. 2-ஐயும் 4-ஐயும் வைத்தே சரிபார்க்கலாம்: √(2 × 4) = 2.83, (2 + 4)/2 = 3. அட்டவணையில் x = 3-க்கு வந்த எண்கள் இவையேதான். நடுப்புள்ளியில் மட்டுமல்ல, இரண்டு முனைக்கும் இடைப்பட்ட எல்லா இடத்திலும் இது உண்மை.

இப்படிக் கீழே தொய்ந்து வளையும் வளைவை ஒரு நேர்கோடு மூன்று இடத்தில் வெட்ட முடியாது. வெட்டியதாக வைத்துக்கொண்டால், முதல் புள்ளியையும் மூன்றாவது புள்ளியையும் இணைக்கும் கோட்டிலேயே இரண்டாவது புள்ளியும் உட்கார வேண்டும். அது கோட்டுக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்று இப்போதுதான் பார்த்தோம். எனவே வலப்பக்கத்தில் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. 2, 4 என்று இரண்டை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறோம். x = 0 தீர்வு அல்ல. கணக்கு முடிந்தது: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு, மொத்தம் மூன்று.

வகைநுண்கணிதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு குறுக்கு வழி உண்டு. f(x) = 2^x - x² என்று எடுத்து மூன்று முறை வகையிட்டால் பரவளையம் முழுவதுமாக மறைந்துவிடும், மிஞ்சுவது (ln 2)³ × 2^x. அது எங்கேயும் 0 ஆகாது. ரோலின் தேற்றப்படி, ஒரு சார்புக்கு இருக்கும் மூலங்களின் எண்ணிக்கை அதன் வகைக்கெழுவின் மூலங்களைவிட அதிகபட்சம் ஒன்றுதான் கூடுதலாக இருக்க முடியும். மூன்றாம் வகைக்கெழுவுக்கு மூலம் இல்லை, இரண்டாவதற்கு அதிகபட்சம் ஒன்று, முதலாவதற்கு இரண்டு, f-க்கு மூன்று. சுருக்கமாக முடிந்துவிடுகிறது. ஆனாலும் முதன்முதலில் கற்பவருக்கு நான் வர்க்கமூலப் படத்தையே காட்டுவேன். ரோலின் தேற்றம் மூன்று என்ற எண்ணைச் சொல்லும், அந்த மூன்றும் ஏன் அப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதைப் படம்தான் சொல்லும்.

படி 5: குறை எண் தீர்வை நெருங்கிப் பிடித்தல்

எத்தனை என்று மட்டும் கேட்டிருந்தால் இங்கே நிறுத்தலாம். ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விட மனம் வருவதில்லை.

கால்குலேட்டர் இல்லாமலேயே இடத்தைக் குறுக்கலாம். x = -3/4 என்று போட்டுப் பார்ப்போம். 2^(-3/4)-ஐயும் 9/16-ஐயும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் முதலாவது 1/8, அதாவது 0.125. இரண்டாவது 6561/65536, ஏறத்தாழ 0.100. முதலாவது பெரியது, எனவே -0.75-இல் 2^x மேலே இருக்கிறது. அடுத்து x = -4/5. 2^(-4/5)-ஐயும் 0.64-ஐயும் ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 1/16 = 0.0625, மற்றது ஏறத்தாழ 0.107. இப்போது x² மேலே. எனவே தீர்வு -0.8-க்கும் -0.75-க்கும் நடுவில் இருக்கிறது. அடுக்குகளை உயர்த்தி முழு எண்களாக்கிக்கொள்ளும் இந்த உத்தி, கால்குலேட்டருக்கு இடமில்லாத தேர்வு அறைகளில் மிகவும் கைகொடுக்கும்.

கால்குலேட்டர் இருந்தால் வர்க்கமூலப் படமே வழியைக் கொடுக்கிறது. குறை எண்களின் பக்கத்தில் |x| என்பது -x. x = -t என்று எழுதினால் சமன்பாடு t = 2^(-t/2) ஆகிறது. t-க்கு ஒரு மதிப்பை வலப்பக்கத்தில் போட்டு, வருவதை மறுபடி அதே வலப்பக்கத்தில் போட்டுக்கொண்டே போங்கள். 0.75-இல் தொடங்கினால் இப்படி வரும்:

```
0.75 → 0.7711 → 0.7655 → 0.7670 → 0.7666 → 0.7667
```

ஒரு முறை கூடுதலாக, ஒரு முறை குறைவாக, ஊஞ்சல் அடங்குவதுபோல் மதிப்புகள் ஓர் இடத்தில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. விடை x ≈ -0.7667.

வந்த விடையை நம்பிவிடாமல் இருபுறமும் சோதிக்க வேண்டும். x = -0.7665-இல் 2^x = 0.58784, x² = 0.58752, இங்கே 2^x மேலே. x = -0.7667-இல் 2^x = 0.58776, x² = 0.58783, இங்கே x² மேலே. நிலை மாறிவிட்டது, எனவே தீர்வு இந்த இரண்டுக்கும் நடுவில் உறுதியாக இருக்கிறது. ஒரே ஓர் எண்ணைப் போட்டு "கிட்டத்தட்ட சமம்" என்று சொல்வது சோதனை ஆகாது. இருபுறமும் நிலை மாறுவதைக் காட்டுவதுதான் சோதனை. வளைவுகள் சந்திக்காமலேயே மிக நெருங்கிப் போனாலும் கிட்டத்தட்ட சமம் என்றுதான் தோன்றும்.

கால்குலேட்டரில் ஒரு சின்ன எச்சரிக்கை. -0.7667-இன் வர்க்கத்தைக் கேட்கும்போது அடைப்புக்குறி போடாவிட்டால் பல கருவிகள் முதலில் வர்க்கம் எடுத்து, பிறகு குறைக்குறியைச் சேர்க்கும். x² குறை எண்ணாக வந்தால் அடைப்புக்குறி விட்டுப்போனது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த மூன்றாவது எண் ஏன் அழகாக வரவில்லை?

2, 4 என்று இரண்டு முழு எண்கள் வந்தபின், மூன்றாவதும் ஏதாவது ஒரு பின்னமாக இருக்குமோ என்று தோன்றுவது இயல்பு. இருக்க முடியாது என்பதைச் சுருக்கமாகக் காட்டலாம். x = -p/q என்று சுருங்கிய பின்னமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமன்பாட்டில் போட்டு இருபுறமும் q-ஆம் அடுக்குக்கு உயர்த்தி ஒழுங்குபடுத்தினால் கிடைப்பது:

```
2^p · p^(2q) = q^(2q)
```

p-யை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அது இடப்பக்கத்தை வகுக்கும், எனவே வலப்பக்கத்தில் இருக்கும் q-வையும் வகுக்க வேண்டும். ஆனால் p-க்கும் q-வுக்கும் பொதுக்காரணி இல்லை என்று தொடங்கினோம். ஆகவே p = 1. மிஞ்சுவது 2 = q^(2q). q = 1 என்றால் வலப்பக்கம் 1, q = 2 என்றால் 16. 2 எங்கேயும் வராது. எனவே அந்தத் தீர்வு விகிதமுறா எண்.

√2 போன்ற விகிதமுறா எண்ணாகக்கூட அது இல்லை. கெல்ஃபாண்ட், ஷ்னைடர் என்ற இருவர் 1934-இல் தனித்தனியே நிறுவிய தேற்றம் ஒன்று இருக்கிறது. முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைக்கு மூலமாக இருக்கும் ஒரு விகிதமுறா எண்ணை 2-இன் அடுக்காகப் போட்டால், வரும் எண் அப்படிப்பட்ட எந்தக் கோவைக்கும் மூலமாக இருக்காது என்பது அதிலிருந்து கிடைக்கிறது. நம்முடைய x அத்தகைய மூலமாக இருந்தால் x²-உம் அத்தகைய மூலம்தான். ஆனால் x² = 2^x, அதுவோ அப்படி இருக்க முடியாது. முரண்பாடு. எனவே வர்க்கமூலம், கனமூலம் என்று எவ்வளவு அடுக்கினாலும் அந்த எண்ணை எழுத முடியாது. லாம்பெர்ட்டின் W சார்பைப் பயன்படுத்தினால் x = -2W(ln 2 / 2) / ln 2 என்று எழுதலாம். அது பெயர் சூட்டியதுதான், மதிப்பு வேண்டுமானால் மறுபடி மேலே செய்தது போன்ற சுற்றுக் கணக்குதான்.

2-உம் 4-உம் சேர்ந்து வருவதற்கும் பழைய கதை ஒன்று உண்டு. x^y = y^x என்ற சமன்பாட்டைப் பற்றி டேனியல் பெர்னூலி 1728-இல் கோல்ட்பாக்குக்குக் கடிதம் எழுதினார். வேறு வேறான இரண்டு இயல் எண்களில் இதற்கு இருக்கும் ஒரே சோடி 2-உம் 4-உம்தான் என்று அதில் சொல்லியிருக்கிறார். y = 2 என்று வைத்தால் வருவது நம்முடைய சமன்பாடுதான்.

2-க்குப் பதில் 2.1 வைத்துப் பாருங்கள்

வரைபடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. சமன்பாடு 2.1^x = x². முதல் முறையில், பரவளையத்தோடு சேர்த்து வரைந்தால், 2-க்கும் 3-க்கும் நடுவில் இரண்டு வளைவுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். x = 2-இல் 4.41-உம் 4-உம். x = 3-இல் 9.261-உம் 9-உம். x = 2.7-இல் 7.413-உம் 7.29-உம். மிக நெருங்கிய இடத்தில் இடைவெளி ஏறத்தாழ 0.12, நம் தாளில் ஒரு மி.மீ. கூட இல்லை. தொடுகிறதா, வெட்டுகிறதா, விலகிப் போகிறதா என்று எந்தப் பென்சிலாலும் சொல்ல முடியாது. மதிப்புகளைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் 2.1^x மேலே வருகிறது, ஆனால் நாம் போடாமல் விட்ட ஓர் இடத்தில் கீழே போயிருக்குமோ என்ற சந்தேகம் தீராது.

வடிவத்தை வைத்துத்தான் இதைத் தீர்க்க வேண்டும். வர்க்கமூலம் எடுத்தால் வலப்பக்கத்தில் y = x என்ற கோடும் y = b^x என்ற வளைவும் வருகின்றன, இங்கே b = √2.1. b-யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வளைவு மேலே ஏறும், இரண்டு வெட்டும் புள்ளிகளும் ஒன்றை ஒன்று நெருங்கும், ஒரு கட்டத்தில் ஒன்றாகிக் கோடு வளைவைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். அப்போது தொடும் புள்ளியில் உயரமும் ஒத்துப்போக வேண்டும், சாய்வும் ஒத்துப்போக வேண்டும்: b^x = x, b^x × ln b = 1. முதலாவதை இரண்டாவதில் போட்டால் x ln b = 1. அப்படியென்றால் b^x = e, எனவே x = e. தொடும் புள்ளி (e, e), b = e^(1/e), அதாவது ஏறத்தாழ 1.4447.

இனி ஒப்பிடுவது எளிது. √2 = 1.4142, எல்லைக்குக் கீழே, எனவே இரண்டு மிகைத் தீர்வுகள். √2.1 = 1.4491, எல்லைக்கு மேலே, எனவே மிகைத் தீர்வே இல்லை. 2.1^x = x²-க்கு இருப்பது இடப்பக்கத்துத் தீர்வு ஒன்று மட்டும். அடி எண்ணாகச் சொன்னால் எல்லை 1.4447-இன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 2.087. 2 அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பதால்தான் மூன்றாம் படியில் 2-க்கும் 4-க்கும் நடுவே வளைவுகள் அவ்வளவு ஒட்டிப் போயின.

அடி எண் 1-ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை இடப்பக்கத்துத் தீர்வு ஒருபோதும் மறையாது. ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது என்ற வாதம் அடி எண்ணைப் பொறுத்ததே அல்ல. 3^x = x²-ஐ எடுத்துக்கொண்டு -1-இலும் 0-விலும் மதிப்பைப் போட்டுப் பாருங்கள்: 0.33-உம் 1-உம், பிறகு 1-உம் 0-வும். √3 = 1.73 என்பது எல்லையைத் தாண்டிவிட்டதால் வலப்பக்கம் எதுவும் இல்லை. 1.5^x = x² என்றால் √1.5 = 1.22, எல்லைக்கு வெகு கீழே, எனவே மொத்தம் மூன்று. ஆனால் அதன் பெரிய தீர்வைத் தேட x-ஐ 10-க்கு மேல் கொண்டுபோக வேண்டியிருக்கும். x = 12-இல் 1.5^x ஏறத்தாழ 130, x² = 144. x = 13-இல் ஏறத்தாழ 195, x² = 169. 5 வரை மட்டும் வரைந்து நிறுத்தியவர் அதைத் தவறவிட்டிருப்பார்.